அளவைக் குறை, வேகத்தைக் குறைக்காதே

அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தடகளப் போட்டிக்குத் தேர்வான ஒரு மாணவருக்கு, போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் கடுமையாகப் பயிற்சி எடுக்கத்தான் தோன்றும். இன்டர் காலேஜ் மீட்டையும் பல்கலைக்கழகத் தேர்வையும் தாண்டியாயிற்று, இருக்கிற நாட்களை வீணாக்கக் கூடாது என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் கூடுதலாக ஓடும் கிலோமீட்டர்கள் போட்டியன்று கைகொடுப்பதில்லை. பயிற்சியை உடம்பு வாங்கி வலுவாக மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதனால் வரும் களைப்போ மறுநாளே காலில் இறங்கிவிடும்.

கனடாவைச் சேர்ந்த எரிக் பேனிஸ்டர் 1970-களில் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார். ஒவ்வொரு பயிற்சியும் உடம்பில் திறனையும் களைப்பையும் சேர்த்தே வைக்கிறது. பயிற்சியைக் குறைத்தால் இரண்டுமே இறங்கும், ஆனால் ஒரே வேகத்தில் இறங்காது. திறன் வாரக்கணக்கில் மெல்லக் குறையும், களைப்பு நாள்கணக்கில் வடிந்துவிடும். களைப்பு போய், திறன் இன்னும் போகாமல் இருக்கும் சில நாட்களில்தான் ஒருவர் தன் சீசனின் சிறந்த ஓட்டத்தை ஓட முடியும். அதைத்தான் பயிற்சியாளர்கள் ‘பீக்’ என்கிறார்கள். அந்த நாட்கள் போட்டித் தேதியோடு பொருந்தும்படி பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவது ‘டேப்பர்’.

எதைக் குறைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1992-இல் கனடாவில் நடுத்தர தூர ஓட்டக்காரர்களிடம் ஒரு வார டேப்பரை மூன்று விதமாகச் சோதித்தார்கள். ஒன்று முழு ஓய்வு. இன்னொன்று மெதுவான ஓட்டம். மூன்றாவதில், நாளுக்கு நாள் எண்ணிக்கையைக் குறைத்து, 500 மீட்டர் தூரத்தை மிக வேகமாக ஓடவைத்தார்கள். அதற்குப் பிறகு 1500 மீட்டர் வேகத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தபோது, கொஞ்சமாக, வேகமாக ஓடிய முறையில் 22 சதவீதம் கூடியிருந்தது. மெதுவான ஓட்டமும் முழு ஓய்வும் குறிப்பிடத்தக்க பலன் எதையும் தரவில்லை. பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது. சுமார் இரண்டு வாரம், மொத்த அளவில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, வேகத்திலும் வாரத்தில் ஓடும் நாட்களிலும் மாற்றமில்லை என்ற அமைப்பே அதிகப் பலன் தந்தது.

இதை ஒரு மாணவருக்குப் பொருத்திப் பார்ப்போம். அவர் 5000 மீட்டரை 15 நிமிடத்தில் ஓடுகிறவர், அதாவது 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றும் 72 விநாடி. வாரத்துக்கு ஆறு நாள், 80 கிலோமீட்டர் ஓடுகிறார். போட்டி ஒரு சனிக்கிழமை. டேப்பரின் முதல் வாரத்தில் 80-ஐ 55 ஆக்கலாம், போட்டி வாரத்தில் 35 ஆக்கலாம். ஆறு நாள் ஆறு நாளாகவே இருக்கட்டும், ஒவ்வொரு நாளின் நீளம் மட்டும் குறையட்டும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் 18 கிலோமீட்டரிலிருந்து 12-க்கு வரும்.

வேகப் பயிற்சி நாட்கள்தான் முக்கியம். வழக்கமாக 1000 மீட்டரை மூன்று நிமிட வேகத்தில் ஐந்து முறை ஓடுகிறவர், முதல் வாரம் அதே மூன்று நிமிடத்தில் மூன்று முறை ஓடினால் போதும். 400 மீட்டரை 70 விநாடியில் பன்னிரண்டு முறை ஓடியவருக்கு ஆறு முறை. போட்டி வாரத்தின் செவ்வாய்க்கிழமை ஒரு 1000, அதன்பின் மூன்று 400, அதோடு சரி. “சார், கால் நல்லா இருக்கு, இன்னும் ரெண்டு போடட்டுமா?” என்று அவர் கேட்பார். “அதைச் சனிக்கிழமைக்கு வெச்சுக்கோப்பா” என்று அனுப்பிவைக்க வேண்டியது பயிற்சியாளரின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை இருபது நிமிட ஜாகிங், 80 மீட்டரில் நான்கு ஸ்ட்ரைட்ஸ். ஜிம்மில் எடை தூக்குகிறவர் செட்டுகளைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி ஒரு வாரம் காலுக்குக் கனமான எடையை நிறுத்திவிடலாம்.

உள்ளே என்ன மாறுகிறது என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து 2010-இல் வந்தது. ஏழு கல்லூரி கிராஸ் கன்ட்ரி ஓட்டக்காரர்கள் மூன்று வாரம் டேப்பர் செய்தபின் 8 கிலோமீட்டர் ஓட்டத்தில் சுமார் 3 சதவீதம் முன்னேறினார்கள். அவர்களின் ஆக்சிஜன் ஏற்கும் திறன் அப்படியேதான் இருந்தது. மாறியது தசை. வேகத்துக்கு உதவும் ஒருவகைத் தசைநார்கள் தடித்து, விசை கூடியிருந்தன. மாதக்கணக்கான பயிற்சிச் சுமை அமுக்கி வைத்திருந்த பலன் அப்போதுதான் வெளியே வந்தது. நம் மாணவருக்கு 1 சதவீதமே கிடைத்தாலும் 9 விநாடி மிச்சம்.

டேப்பரின்போது பயமுறுத்தும் ஒன்று எடை. பயிற்சி குறைந்து சாப்பாடு அப்படியே இருந்தால் தசையில் கிளைகோஜன் நிரம்பும், அது தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைக்கும். ஒரு கிலோ வரை கூடலாம். கொழுப்பு என்று நினைத்துச் சோற்றைக் குறைத்துவிடுகிறவர்கள், போட்டிக்குத் தேவையான எரிபொருளையே குறைத்துவிடுகிறார்கள். இன்னொரு தவறு, டைமிங் எவ்வளவு வந்திருக்கிறது என்று போட்டி வாரத்தில் முழு தூரத்தையும் ஓடிப் பார்ப்பது. பதில் கிடைத்துவிடும், ஆனால் வடிந்த களைப்பும் திரும்பிவிடும்.

கல்லூரி மாணவருக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. செமஸ்டர் தேர்வு பக்கத்தில் இருந்தால், மிச்சமான பயிற்சி நேரம் இரவு விழித்துப் படிப்பதில் போய்விடும். தூக்கம் குறைந்த டேப்பர் பாதி டேப்பர்தான். போட்டி வட இந்தியாவில் என்றால் இரண்டு இரவு ரயில் பயணம் இருக்கலாம். பயண நாளை ஓய்வு நாளாகக் கணக்கில் எடுத்து, போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சின்ன மீட்டுக்கும் முழு டேப்பர் எடுப்பதும் கூடாது. வருடத்தில் ஐந்து முறை அளவைப் பாதியாக்கினால் டிசம்பரில் குறைப்பதற்கே ஒன்றும் இருக்காது. சின்ன மீட்டுக்கு இரண்டு மூன்று நாள் இலேசாக ஓடினால் போதும்.

சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். அதே மூன்று நிமிட 1000-க்குப் பிறகு மூச்சு சீக்கிரம் அடங்குகிறதா, காலையில் எழுந்ததும் எண்ணும் நாடி வழக்கத்தைவிடக் கூடாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். முதல் சில நாட்கள் கால் கனமாகவோ மந்தமாகவோ இருப்பது சகஜம். ஒரு வாரம் குறைத்தும் அதே வேகத்துக்குத் திணறுகிறார், தூக்கமும் பசியும் சரியில்லை என்றால் டேப்பரை மட்டும் நம்பியிருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் ஏதும் பதுங்கியிருக்கலாம், இரும்புச் சத்து குறைந்திருக்கலாம். ஓடும் பெண்களிடம் இந்தக் குறை அதிகம் காணப்படுகிறது.

சீசன் முழுக்க வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் ஓடியவருக்கு வடிய வேண்டிய களைப்பும் அதிகமில்லை, வெளிவர வேண்டிய திறனும் அதிகமில்லை. அவருக்கு நான்கைந்து நாள் குறைத்தாலே போதும். 80 கிலோமீட்டர்க்காரர்களிலும் ஒருவருக்குப் பத்து நாள் பொருந்தும், இன்னொருவருக்கு மூன்று வாரம் பொருந்தும். யாருக்கு எது என்பதை அவரவர் பயிற்சி நோட்டுதான் சொல்லும். எந்த நாளில் எவ்வளவு ஓடினார், எப்போது கால் இலேசானது, போட்டியில் என்ன டைமிங் வந்தது என்று இந்த ஆண்டு எழுதிவைப்பவர், அடுத்த ஆண்டு ஊகத்தை விட்டுத் தன் சொந்தக் கணக்கை வைத்து நாளைக் குறிக்கலாம்.