வருவாய் எத்தனை பேர் கையில்?

ஒரு நிறுவனத்தின் மொத்த விற்பனையில் பெரிய வாடிக்கையாளர்களின் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லும் சதவீதமே குவிப்பு அபாயத்தின் முதல் அளவுகோல். வாடிக்கையாளருக்கு விற்ற தொகையை மொத்த விற்பனையால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரநிலை 108 இதை ஆண்டறிக்கையில் கேட்கிறது. வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கட்டுப்பாட்டின் கீழ் இயங்கும் பல நிறுவனங்களை ஒரே வாடிக்கையாளராகக் கொள்ள வேண்டும் என்றும் அந்தத் தரநிலை சொல்கிறது. ஆனால் ஆண்டறிக்கை வருடம் முடிந்து பல மாதங்கள் கழித்தே கைக்கு வரும். அதற்குள் ஒரு பெரிய வாடிக்கையாளர் விலகத் தொடங்கியிருக்கலாம். இந்தக் கணக்கை மாதந்தோறும் தானே போட்டு அனுப்பும் அறிக்கை தேவைப்படுவது இதனால்தான்.

ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருந்ததன் விளைவை வெளிப்படையாகக் காட்டிய நிறுவனம் பிரிட்டனின் இமாஜினேஷன் டெக்னாலஜிஸ். ஐபோனில் படங்களை இயக்கும் சிப்புக்கான வடிவமைப்பை அது ஆப்பிளுக்கு உரிமம் கொடுத்து வந்தது. அதன் வருவாயில் ஏறத்தாழப் பாதி ஆப்பிளிடமிருந்தே வந்தது. 15 முதல் 24 மாதங்களுக்குள் அந்த வடிவமைப்பைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடப் போவதாக ஆப்பிள் சொல்லியிருப்பதை 2017 ஏப்ரல் 3 அன்று இமாஜினேஷன் அறிவித்தது. அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. வருவாய் அப்போது ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை. அதே ஆண்டிலேயே நிறுவனத்தை விற்க ஒப்பந்தமானது.

சிறிய நிறுவனத்தில் இந்த அறிக்கை எப்படி உருவாகிறது என்பதைக் கற்பனையான ஒரு கணக்கைக் கொண்டு பார்க்கலாம். ஓசூரில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலை. கடந்த 12 மாத விற்பனை 24 கோடி ரூபாய். கணக்கு மென்பொருளில் வாடிக்கையாளர்களுக்கு 62 லெட்ஜர்கள். விற்பனைப் பதிவேட்டை எடுத்து லெட்ஜர் வாரியாக வரிசைப்படுத்தினால் முதலிடத்தில் இருப்பவரின் பங்கு 14 சதவீதம். அடுத்தடுத்த நான்கு பேரின் பங்குகள் 13, 11, 10, 8. யாருமே 15 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று முதலாளி நிம்மதியாக இருப்பார்.

அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. 13, 11, 10 ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஓசூர், பெங்களூரு, புனே ஆலைகள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி ஜி.எஸ்.டி. பதிவு எண் என்பதால் மூன்று லெட்ஜர்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. பில் மூன்று முகவரிகளுக்குப் போகிறது; யாரிடம் வாங்குவது என்று முடிவெடுப்பதோ தலைமை அலுவலகத்தின் கொள்முதல் பிரிவு ஒன்றுதான். சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரே வாடிக்கையாளரின் பங்கு 34 சதவீதம், அதாவது 8 கோடியே 16 லட்சம் ரூபாய். இந்த அறிக்கையில் நேரும் பிழைகளில் மிகப் பெரியதும் அடிக்கடி நேர்வதும் இதுவே.

இதைத் தானாகக் கண்டுபிடிக்க ஜி.எஸ்.டி. எண்ணே உதவுகிறது. 15 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, மகாராஷ்டிரத்துக்கு 27. அடுத்த பத்து எழுத்துகள் அந்த நிறுவனத்தின் பான் எண். ஆகவே மூன்றாம் எழுத்திலிருந்து பத்து எழுத்துகளை வெட்டியெடுத்து, அதன்படி விற்பனையைக் கூட்டினால் மாநிலக் கிளைகள் ஒன்று சேர்ந்துவிடும்.

இரண்டு இடங்களில் மட்டும் இது போதாது. ஏற்றுமதி வாடிக்கையாளர்களுக்கும் பதிவு செய்யாத கடைகளுக்கும் ஜி.எஸ்.டி. எண் கிடையாது. பான் எண்ணை மட்டும் நம்பினால் அவர்கள் அனைவரும் ஒரே வெற்றுப் பெயரில் திரண்டு, இல்லாத ஒரு பெரிய வாடிக்கையாளராகப் பட்டியலில் ஏறிவிடுவார்கள். இன்னொன்று, ஒரே குடும்பமோ தாய் நிறுவனமோ நடத்தும், ஆனால் வெவ்வேறு பான் எண் கொண்ட நிறுவனங்கள். இவற்றை எந்த மென்பொருளும் தானே அறியாது. விற்பனைப் பிரிவில் இருப்பவர் ஒரு சிறு அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும். கீழே உள்ள வினவல் முதலில் அந்த அட்டவணையைப் பார்க்கிறது. அதில் இல்லையென்றால் பான் எண்ணை எடுக்கிறது. அதுவும் இல்லையென்றால் லெட்ஜர் பெயரையே கொள்கிறது.

```sql
SELECT COALESCE(g.group_name,
                NULLIF(SUBSTR(s.gstin, 3, 10), ''),
                s.ledger_name) AS customer,
       SUM(s.taxable_value)    AS sales
FROM   sales_lines s
LEFT JOIN customer_group g
       ON g.ledger_name = s.ledger_name
WHERE  s.inv_date >= :start_date
  AND  s.inv_date <  :end_date
GROUP  BY 1
ORDER  BY 2 DESC;
```

கூட்டப்படுவது வரிக்கு முந்தைய மதிப்பு. ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகும் பணம், நிறுவனத்தின் வருவாய் அல்ல. வரியோடு கூட்டினால் வரியில்லாமல் பில் போடப்படும் ஏற்றுமதி வாடிக்கையாளரின் பங்கு உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். திரும்பி வந்த சரக்குக்கும் ஆண்டு இறுதித் தள்ளுபடிக்கும் போடும் கிரெடிட் நோட்டுகள் எதிர்மறை எண்களாக இதே பதிவேட்டில் இருக்க வேண்டும். பெரிய வாடிக்கையாளர்தான் பெரிய தள்ளுபடி வாங்குகிறவர் என்பதால், இவற்றை விட்டுவிட்டால் தவறு அவர் கணக்கிலேயே அதிகம் சேரும். காலத்தைப் பொறுத்தவரை, ஒரு மாதத்தை மட்டும் எடுத்தால் தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு படமும் அடுத்த மாதம் வேறு படமும் வரும். அதனால் ஒவ்வொரு மாதமும் அதற்கு முந்தைய 12 மாதங்களின் கூட்டுத் தொகையே அடிப்படை.

முதல் வாடிக்கையாளரின் பங்கு, முதல் ஐந்து பேரின் பங்கு ஆகிய இரண்டோடு மூன்றாவது எண் ஒன்றும் அறிக்கையில் இடம்பெறுவது நல்லது. ஒவ்வொருவரின் சதவீதத்தையும் தன்னாலேயே பெருக்கி, அனைத்தையும் கூட்டினால் வருவது ஹெர்ஃபின்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு. சந்தையில் போட்டி எவ்வளவு என்று அளக்கப் பயன்படும் அதே குறியீடு. 10,000-ஐ அதனால் வகுத்தால், இந்த விற்பனை சமமான எத்தனை வாடிக்கையாளர்களிடம் பரவியிருப்பதற்கு ஈடு என்பது தெரியும். ஓசூர் தொழிற்சாலையில் அடுத்த இருவர் 6, 5 சதவீதம், மீதி 55 சிறு வாடிக்கையாளர்கள் தலைக்குச் சுமார் அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், லெட்ஜர் வாரியாகக் குறியீடு 730 அளவில் வரும். ஈடு ஏறத்தாழ 14 பேர். மூன்று ஆலைகளை ஒன்றாக்கியதும் குறியீடு 1,500 அளவுக்கு ஏறி, ஈடு ஏழு பேருக்கும் கீழே இறங்கிவிடும். 60 வாடிக்கையாளர்கள் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தொழிற்சாலை உண்மையில் ஏழு பேரை நம்பி நடக்கிறது.

இனிமேல்தான் இந்த அறிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் வருகிறது. பங்கு குறைவது நல்ல செய்தி என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெரிய வாடிக்கையாளர் திடீரென ஆர்டரை முழுவதுமாக நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 68 லட்சம் வீதம் அவர் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து அவருடைய 12 மாதத் தொகை 7 கோடியே 48 லட்சம், மொத்த விற்பனை 23 கோடியே 32 லட்சம், பங்கு 32.1 சதவீதம். மூன்று மாதங்கள் கழித்து 27.9 சதவீதம். எல்லையாக 30 சதவீதத்தை வைத்திருந்தால், அறிக்கையில் சிவப்பு நிறம் பச்சையாக மாறும். பயந்த இழப்பு நடந்துகொண்டிருக்கும் வேளையிலேயே அளவுகோல் நிலைமை சீராகிறது என்கிறது.

எதிர்த்திசையிலும் இதே குழப்பம் உண்டு. பெரியவர் வழக்கம்போல வாங்க, மற்றவர்களின் கொள்முதல் 1 கோடியே 60 லட்சம் குறைந்தால் அவர் பங்கு 34-லிருந்து 36.4 சதவீதமாக ஏறும். அவருக்குக் கூடுதலாக ஒரு பெட்டிகூட விற்கவில்லை. எனவே சதவீதத்தின் பக்கத்திலேயே ரூபாய்த் தொகையும், கடந்த மூன்று மாத விற்பனையும், சென்ற ஆண்டின் அதே மூன்று மாத விற்பனையும் இருக்க வேண்டும். முதல் எச்சரிக்கையைத் தருவது அந்த மூன்று மாத ஒப்பீடு. 12 மாதப் பங்கு மெதுவாகத்தான் நகரும்.

சதவீதத்தின் எடையை லாபத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் உணர முடியும். இந்தத் தொழிற்சாலையில் காகிதம், பசை, மின்சாரம், லாரி வாடகை என விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு 70 சதவீதம் என்று கொள்வோம். மீதி 7 கோடியே 20 லட்சம். அதில் சம்பளம், வட்டி, கட்டட வாடகை போன்ற நிலையான செலவு 5 கோடியே 52 லட்சம் போனால் லாபம் 1 கோடியே 68 லட்சம். பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால் அவர் மூலம் மிஞ்சிய 2 கோடியே 45 லட்சமும் போகும். லாபம் 77 லட்சம் நஷ்டமாக மாறும். விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு போனதற்கு லாபம் முழுவதும் கரைந்துவிடுகிறது. அவருக்கு 90 நாள் கடன் கொடுத்திருந்தால் எந்த நேரத்திலும் வரி நீங்கலாகச் சுமார் 2 கோடி ரூபாய் அவரிடம் நிலுவையில் இருக்கும். ஆகவே நிலுவைத் தொகையில் அவர் பங்கும் ஒரு வரியாக அறிக்கையில் வர வேண்டும். விற்பனையில் 34 சதவீதம் இருப்பவர் நிலுவையில் 50 சதவீதம் இருந்தால், அவர் மற்றவர்களைவிடத் தாமதமாகப் பணம் தருகிறார் என்று பொருள்.

அறிக்கை எந்தத் தேதியில் ஓட வேண்டும் என்பதும் முக்கியம். முதல் தேதியன்று ஓடினால் பதியாத பில்களும் கிரெடிட் நோட்டுகளும் விடுபடும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கடைசி நாள். அதற்குள் விற்பனைக் கணக்கு பெரும்பாலும் முடிந்திருக்கும் என்பதால் 12-ஆம் தேதி பொருத்தமானது. ஓடியவுடன், அறிக்கையின் மொத்தம் இருப்பாய்வில் உள்ள விற்பனைத் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று அதுவே சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் அறிக்கை முதலாளிக்குப் போகக் கூடாது. கணக்காளருக்கு ஒரு செய்தி போனால் போதும். ஒவ்வொரு மாத முடிவையும் தனியே சேமித்து வைப்பதும் அவசியம். பழைய தேதியிட்டுப் பின்னர் போடும் பதிவுகள் சென்ற மாத எண்ணை மாற்றிவிடும். சேமித்த பிரதி இல்லையென்றால் எது, எப்போது மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் பெயரை வைத்து மட்டும் கணக்கிடும் அறிக்கைக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு விதித்த 50 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 27 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அமெரிக்காவுக்குப் பின்னலாடை அனுப்பும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் அதை நேரடியாக எதிர்கொண்டார்கள். பத்து வாடிக்கையாளர்கள், யாருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் இல்லை என்று ஒருவர் கணக்கு வைத்திருக்கலாம். பத்துப் பேரும் ஒரே நாட்டில் இருந்தால் வரி அத்தனை பேரையும் ஒரே நாளில் தொடும். ஆகவே அட்டவணையில் குழுப் பெயரோடு நாடு, தொழில் துறை என இரு பத்திகளைச் சேர்த்து, அதே வினவலை அவற்றின்படியும் ஒருமுறை ஓட்ட வேண்டும். ஓசூர் தொழிற்சாலையின் பெட்டிகளில் எத்தனை சதவீதம் இருசக்கர வாகன உதிரிபாகங்களை ஏற்றிப் போகின்றன என்பது அப்போதுதான் தெரியவரும்.