கூடுதல் பொறுப்பு: ஆணையில் இருக்க வேண்டிய வரிகள்

அந்தமானில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, சாரணர் பிரிவுச் செயலாளரின் பணிகளைக் கவனிக்கும்படி 1992 ஜனவரியில் நிர்வாகம் பணித்தது. 1995 செப்டம்பர் வரை அவர் அந்த வேலையைச் செய்தார். அந்தப் பதவிக்குரிய ஊதியத்தைக் கேட்டபோது, முறைப்படி பதவி உயர்வு பெறாதவருக்கு அது கிடையாது என்று மறுத்தார்கள். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமும் அதையே சொன்னது. உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகப் பார்த்தது. 1998இல் வெளியான ‘செல்வராஜ் எதிர் துணைநிலை ஆளுநர், போர்ட் பிளேர்’ தீர்ப்பு, அது பதவி உயர்வு ஆகாது என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அந்தக் காலத்துக்கான ஊதிய வித்தியாசத்தைக் கொடுக்க உத்தரவிட்டது. செயலாளர் பதவியின் கணக்கிலிருந்தே அவருடைய சம்பளம் எடுக்கப்படும் என்று 1992 ஆணையிலேயே ஒரு வரி இருந்தது. வழக்குக்கு வலுச் சேர்த்தது அந்த வரிதான். எனவே, வேலையை ஏற்கும் நாளிலேயே ஆணை என்ன சொல்கிறது என்று பார்ப்பதும், சொல்லாததைக் கேட்டு வாங்குவதும் பிற்பாடு வழக்காடுவதைவிட எளிது.

முதலில் பார்க்க வேண்டியது பொறுப்பின் வகை. மத்திய அரசு ஊழியர்களைப் போலவே அந்தமான் நிர்வாகத்தின் நிரந்தர ஊழியர்களையும் கட்டுப்படுத்தும் அடிப்படை விதி 49, இரண்டு வகைகளைப் பிரிக்கிறது. ஒன்று, முறையான நியமன ஆணையுடன் வரும் முழுக் கூடுதல் பொறுப்பு. வேறு அலுவலகத்திலோ வேறு பணிப் பிரிவிலோ உள்ள பதவியாக இருந்து, பொறுப்பு 45 நாளுக்கு மேல் நீடித்தால், அந்தக் கூடுதல் பதவிக்குக் கணக்கிடப்படும் ஊதியத்தில் 10 விழுக்காடு சேர்த்துக் கிடைக்கும். மூன்று மாதத்தைத் தாண்டினால் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். அதே அலுவலகத்தில், அதே பிரிவில், அதே ஊதிய நிலையில் உள்ள பதவி என்றால் பொதுவாக எதுவும் கிடையாது. இரண்டாவது வகை, அன்றாட வேலைகளை மட்டும் பார்த்துக்கொள்வது. இதற்கு எத்தனை மாதமானாலும் கூடுதல் ஊதியம் இல்லை.

பணத்தைவிட ஆபத்தானது அதிகாரம் பற்றிய குழப்பம். அன்றாடப் பணியை மட்டும் கவனிப்பவர், சட்டமும் விதிகளும் ஒரு பதவிக்குத் தரும் அதிகாரங்களைப் பயன்படுத்த முடியாது என்று மத்திய அரசின் 1963ஆம் ஆண்டு குறிப்பாணை கூறுகிறது. அப்படிப்பட்டவர் ஒரு கீழ்நிலை ஊழியருக்கு ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனை விதித்தால், அதிகாரமில்லாதவர் போட்ட ஆணை என்று அது ரத்தாகலாம். விளக்கம் சொல்ல வேண்டியவர் கையெழுத்திட்டவர்தான். இதைத் தவிர்க்கவே 1989ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அன்றாடப் பணிக்கான ஆணையில் எந்தப் பணிகள் அடங்கும், எவை அடங்கா என்று குறிப்பிடச் சொல்கிறது. நடைமுறையில் பல ஆணைகள், ‘மறு உத்தரவு வரும்வரை கவனிப்பார்’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன.

ஆணையில் விடுபட்டதைத் தெளிவுபடுத்தக் கேட்டால் மேலதிகாரி கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்வாரே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதி 3, வாய்மொழி உத்தரவு பெற்றவர் அதை எழுத்தில் உறுதிப்படுத்தக் கேட்க வேண்டும் என்றும், உறுதிப்படுத்துவது மேலதிகாரியின் கடமை என்றும் சொல்கிறது. கேட்பதுதான் விதிப்படி நடப்பது. ஆள் பற்றாக்குறையும் கப்பலை நம்பிய போக்குவரத்தும் உள்ள தீவில் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்ற வாதமும் உண்டு. அவசரத்துக்கு விதியே 45 நாள் இடம் விட்டிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நீளும் பொறுப்பை அவசரம் என்று சொல்ல முடியாது.

ஆகவே பொறுப்பை மறுக்காமல் ஏற்று, அதே நாளில் ஒரு கடிதம் கொடுக்கலாம்: “ஆணைப்படி இன்று பொறுப்பேற்றுக்கொண்டேன். இது முழுக் கூடுதல் பொறுப்பா, அன்றாடப் பணி மட்டுமா, நிதி ஒப்புதலும் விடுப்பு அனுமதியும் என் அதிகாரத்தில் அடங்குமா, என் வழக்கமான பணியில் எதைக் குறைத்துக்கொள்ளலாம், உதவிக்கு யார் என்பதைத் தெளிவுபடுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.” கடிதத்தின் நகலில் பெறப்பட்ட தேதியும் முத்திரையும் வாங்கி, பொறுப்பேற்பு அறிக்கையோடு பத்திரப்படுத்துங்கள். ஊதியம் மறுக்கப்பட்டால் முதலில் துறைக்கு மனு கொடுக்க வேண்டும். மனு நிராகரிக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள், அல்லது ஆறு மாதம் பதிலே வராவிட்டால் அதன் பிறகு ஓராண்டுக்குள், நிர்வாகத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வை அணுகலாம். ஒப்பந்த, தினக்கூலி ஊழியர்களுக்கும் தனியார் ஊழியர்களுக்கும் விதி 49 பொருந்தாது. அவர்களுக்கு நியமனக் கடிதமும் நிறுவன விதிகளும்தான் ஆதாரம் என்பதால், எழுத்தில் கேட்டு வாங்குவது அவர்களுக்கு இன்னும் அவசியம்.