ஆறு லட்சத்தை மூன்றால் வகுக்கக் கூடாது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, அதில் மூன்று பார்ட்னர்கள் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதலாமவர் பணம் போட்டவர். அவருடைய மூலதனம் 12 லட்சம். இரண்டாமவர் மிஷின் பார்ப்பவர்; 3 லட்சம் போட்டிருக்கிறார். மூன்றாமவர் ஆர்டர் பிடிப்பவர்; காசு எதுவும் போடவில்லை. லாபத்தில் மூவருக்கும் சமபங்கு என்று ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. நடுவில் நூல் வாங்கப் பணம் பற்றாமல் போனபோது, பணம் போட்டவரே கம்பெனிக்கு 4 லட்சம் கடனும் கொடுத்தார்.

சில வருஷங்களில் கம்பெனி படுத்துவிட்டது. மிஷின், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் காசாக்கியதில் 20 லட்சம் தேறியது. வங்கிக்கும் நூல் கடைக்கும் சாயப்பட்டறைக்கும் 10 லட்சம் கொடுத்தாயிற்று. முதலாமவரின் கடன் 4 லட்சத்தையும் திருப்பியாயிற்று. மிச்சம் 6 லட்சம். ஆளுக்கு 2 லட்சம் எடுத்துக்கொண்டு கைகுலுக்கிப் பிரியலாமா?

கூடாது. சரியான கணக்கில் ஆர்டர் பிடிப்பவருக்கு ஒரு பைசாவும் கிடையாது. அவர்தான் தன் கையிலிருந்து 3 லட்சம் கொண்டுவந்து கட்ட வேண்டும்.

அநியாயம் என்று தோன்றும். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவைப் படித்தால் கணக்கு விளங்கும். நிறுவனத்தின் சொத்தை விற்று வரும் பணத்துக்கு அது ஒரு வரிசை வகுத்திருக்கிறது. வெளியாட்களின் கடன் முதலில். அடுத்து, பார்ட்னர்கள் மூலதனத்துக்கு மேல் கடனாகக் கொடுத்த தொகை. அதன் பிறகு மூலதனம். இவ்வளவும் தீர்ந்து ஏதாவது மிஞ்சினால்தான் லாப விகிதத்தில் பங்கு. பத்திரத்தில் வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் பார்ட்னர்களுக்குள் அது செல்லும். வெளிக் கடன்காரரை அது கட்டுப்படுத்தாது.

நம் கம்பெனியில் திருப்ப வேண்டிய மூலதனம் 15 லட்சம். கையில் இருப்பது 6 லட்சம். ஆக, நஷ்டம் 9 லட்சம். லாபம் சமம் என்றால், வேறு பேச்சு இல்லாதவரை நஷ்டமும் சமம். தலைக்கு 3 லட்சம். அதைக் கழித்தால் முதலாமவருக்கு வரவேண்டியது 9 லட்சம். மிஷின் பார்ப்பவரின் 3 லட்சம் நஷ்டத்தோடு சரியாகிவிட்டது. ஆர்டர் பிடிப்பவருக்குக் கழிக்க மூலதனமே இல்லாததால் 3 லட்சம் பாக்கி நிற்கிறது. அவர் அதைக் கட்டினால், இருக்கும் 6 லட்சத்தோடு சேர்ந்து முதலாமவரின் 9 லட்சம் நிறைவாகும். ‘உழைப்பு மட்டும் போடுகிறேன்’ என்று கூட்டு சேருகிறவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த இடத்தை யோசிப்பதில்லை. நஷ்டத்தில் தனக்குப் பங்கில்லை என்று அன்றே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

அவரால் கட்ட முடியவில்லை, திவால் ஆகிவிட்டார் என்றால்? இங்கே ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு வந்து நிற்கிறது. கார்னர், மர்ரே, வில்கின்ஸ் என்று மூன்று பார்ட்னர்கள். மூலதனம் ஏறத்தாழ, லாபம் சமம். கலைத்தபோது கார்னருக்கு 2,500 பவுண்டும் மர்ரேவுக்கு 314 பவுண்டும் மூலதனம் இருந்தது. வில்கின்ஸ் 263 பவுண்டு கூடுதலாக எடுத்துவிட்டுத் திவாலானார். தொழிலின் நஷ்டம் 635 பவுண்டு. வில்கின்ஸ் விட்டுப்போன ஓட்டையை யார் அடைப்பது என்பதுதான் சண்டை. நீதிபதி ஜாய்ஸ் அளித்த தீர்ப்பு 1904-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் வெளியானது.

தொழிலில் வந்த நஷ்டம் வேறு, கூட்டாளி கைவிரித்ததால் வரும் குறை வேறு என்று அவர் பிரித்தார். முதலாவதை ஒப்பந்தப்படி சமமாகச் சுமக்க வேண்டும். இரண்டாவது, மூலதனப் பணத்துக்கு வரவேண்டிய ஒரு பாக்கி வராமல் போனதுதான். அதனால் அங்கே யாருடைய பணம் எவ்வளவு கிடக்கிறதோ அந்த அளவில் அடியும் விழும். இந்தியச் சட்டத்தின் வாசகமும் இங்கிலாந்தின் 1890-ஆம் ஆண்டுச் சட்ட வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே, பத்திரம் வேறு சொல்லாதபோது நம் ஊர் ஆடிட்டர்களும் இந்த வழியில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

திருப்பூர்க் கணக்கில் இதைப் பொருத்தினால், வராத 3 லட்சத்தை 12-க்கு 3 என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். முதலாமவர் தலையில் 2 லட்சத்து 40 ஆயிரம். மிஷின் பார்ப்பவர் தலையில் 60 ஆயிரம். முடிவில் முதலாமவருக்கு 9 லட்சத்துக்குப் பதில் 6 லட்சத்து 60 ஆயிரம் கிடைக்கும். மிஷின் பார்ப்பவர் 60 ஆயிரத்தைக் கையிலிருந்து போட வேண்டும். நிறைய நம்பி நிறையப் போட்டவருக்கே பெரிய அடி என்பதால் இந்தத் தீர்ப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிடிக்காதவர்கள், கைவிரிப்பவரின் குறையை லாப விகிதத்தில் பகிர்வோம் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

போட்ட பணம் மூலதனமா, கடனா என்பதும் இப்போதுதான் கனக்கும். கடன் என்றால் திரும்பி வருவதில் முந்திக்கொள்ளும். பத்திரம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் வருடத்துக்கு 6 சதவீத வட்டி உண்டு. மூலதனத்துக்கு வட்டி பேசியிருந்தாலும், லாபம் வந்தால்தான் அது கிடைக்கும். பேரேட்டில் கேப்பிட்டல் கணக்கும் லோன் கணக்கும் தனித்தனியாக எழுதப்படாத கம்பெனிகளில் பாதிச் சண்டை இதில்தான் தொடங்குகிறது.

மீதிச் சண்டை, காசுக்குப் பதில் சாமானை எடுத்துக்கொள்வதில். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் கழித்து 2 லட்சம் என்று இருக்கும் மிஷினுக்கு வெளியே 3 லட்சத்து 50 ஆயிரம் கிடைக்கும் என்றால், அதைப் புத்தக விலைக்கு ஒருவர் எடுத்துப்போவது மற்ற இருவரின் பணத்தில் கைவைப்பதாகும். வருமான வரித் துறைக்கும் இதில் பார்வை உண்டு. 2021-இல் சேர்க்கப்பட்ட விதிப்படி, கலைப்பின்போது பார்ட்னர் எடுத்துக்கொள்ளும் சொத்தைச் சந்தை விலைக்கு நிறுவனமே விற்றதாகக் கருதி வரி போடுவார்கள். அந்த வரியும் கணக்கு முடிக்கும் முன் ஒதுக்கி வைக்க வேண்டிய ஒரு கடன்தான்.

இவ்வளவும் உள்வீட்டுக் கணக்கு. வெளியே இருக்கும் நூல் கடைக்காரருக்கு யார் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவர் தன் முழு பாக்கியையும் மூவரில் எவரிடமும் கேட்கலாம். கலைத்த பிறகும், பொது அறிவிப்பு கொடுக்காதவரை, ஒரு பார்ட்னர் கம்பெனி பேரைச் சொல்லிச் சரக்கு வாங்கினால் அது மற்றவர்களையும் கட்டும். பொது அறிவிப்பு என்பது கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதல்ல. அரசிதழில் வர வேண்டும். தொழில் நடந்த மாவட்டத்தில் வாசிக்கப்படும் தாய்மொழிப் பத்திரிகை ஒன்றிலாவது வர வேண்டும். பதிவு செய்த நிறுவனம் என்றால் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும்.

காலவரையறை இல்லாமல் தொடங்கிய கூட்டு என்றால் கலைப்பது எளிது. ஒருவர் மற்ற எல்லோருக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் போதும். நோட்டீஸில் தேதி போட்டிருந்தால் அன்றைக்கு, இல்லையென்றால் அது போய்ச் சேர்ந்த அன்றைக்குக் கூட்டு முடிந்தது. அந்தத் தேதியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. கணக்குக் கேட்டு நீதிமன்றம் போவதற்கான 3 வருடக் கெடு அன்றே ஓடத் தொடங்கிவிடும். பதிவு செய்யாத நிறுவனத்தின் பார்ட்னரும் கலைத்த கம்பெனியின் கணக்குக்காக வழக்குப் போடலாம். அந்தக் கதவைச் சட்டம் அவருக்கு அடைக்கவில்லை.