"என் மகன் அனுப்பினான்" என்றால் போதாது

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தாய். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், வீட்டுக்கு மாடி எடுக்க 18,000 சிங்கப்பூர் டாலர் அனுப்புகிறார். வழக்கமாக மாதம் 500 டாலர் வரும் கணக்கு அது. திடீரென்று பெரிய தொகை வந்ததும் வங்கி அதை நிறுத்திவைத்து, 'பணத்தின் மூலத்தை விளக்கிக் கடிதம் கொடுங்கள்' என்கிறது.

தாய் முதலில் எழுதியது ஒரே வரி: "இது என் மகன் அனுப்பிய பணம்." வங்கி அதை ஏற்கவில்லை. அனுப்பியவர் யார் என்பது வங்கிக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்கு அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் கடிதம் இப்படி அமைந்தது:

"கிளை மேலாளர் அவர்களுக்கு. என் சேமிப்புக் கணக்கிற்கு வந்துள்ள 18,000 சிங்கப்பூர் டாலர் குறித்து எழுதுகிறேன். அனுப்பியவர் என் மகன். அங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தில் மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் 2,800 டாலர். செலவும் எனக்கு அனுப்புவதும் போக மாதம் 900 டாலர் வீதம் 20 மாதம் சேமித்த தொகை இது. வீட்டு மாடி கட்ட அனுப்பியுள்ளார். இதில் கடனோ பிறர் பணமோ இல்லை. சம்பளச் சீட்டுகள், அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை அனுமதி அட்டை, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், கட்டட மதிப்பீடு ஆகியவற்றை இணைத்துள்ளேன்."

கடிதத்தின் மேல் கணக்கு எண், பணம் வந்த தேதி, வங்கி தந்த பரிவர்த்தனை எண் ஆகியவற்றையும் குறித்தார்.

இதில் 900 பெருக்கல் 20 என்பது 18,000. மகனின் கணக்கு அறிக்கையிலும் அதே சேமிப்பு மாதம் மாதம் ஏறியிருப்பது தெரிய வேண்டும். கடைசி வாரத்தில் மொத்தமாக ஒரு தொகை உள்ளே வந்திருந்தால் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான். நண்பரிடம் வாங்கிய கடன் கலந்திருந்தால், 'சேமிப்பு 13,000, கடன் 5,000' என்று பிரித்து எழுதி, கடனுக்கான சான்றையும் வைக்க வேண்டும். இடைவங்கிகள் கட்டணம் பிடித்திருந்தால், அனுப்பியதும் வந்துசேர்ந்ததும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு வரி போதும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் 'மு. செல்வம்', பாஸ்போர்ட்டில் 'செல்வம் முத்தையா' என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்பதை வங்கி தானாகக் கருதாது. 'மு என்பது முத்தையா. அவர் என் கணவர், செல்வத்தின் தந்தை' என்று கடிதத்திலேயே எழுதி, கணவர் பெயர் உள்ள ஆவணத்தையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி வராமலிருக்க அடுத்த முறை தொகையைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்பச் சொல்லாதீர்கள். சந்தேகத்தை வளர்ப்பதே அதுதான்.

கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கு 30 நாளில் தீர்வு இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாக முறையிடலாம். அங்கே அந்த முத்திரைத் தேதி உங்களுக்காகப் பேசும்.