மட்டக்களப்புக் கூத்துக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா?

வாவிக்கரை ஊர்களில் விடிய விடிய ஆடிய கூத்துக்கு நுழைவுச்சீட்டே கிடையாது, தெரியுமா? ராசாவும் மந்திரியும் பொன்முடி தரித்து ஆடுவார்கள். பார்க்க வந்தவர் கையில் இருந்து ஒரு சதம் கேட்கமாட்டார்கள்! அப்படியென்றால் செலவு? அதை ஆடியவர்களே சுமந்தார்கள்! பகலில் வயலில் நின்ற கமக்காரரும் வாவியில் வலை வீசியவரும் இரவில் ஒத்திகைக்கு வந்து, உடுப்புக்கும் விளக்குக்கும் தங்கள் பங்கைப் போட்டார்கள்.

ஒரு ராசா உடுப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள்! வடமோடிக் கூத்தில் ராசா கட்டுவது கரப்புடுப்பு. மீன்பிடிக்கும் கரப்பைக் கவிழ்த்தது போல இடுப்பிலிருந்து அகன்று விரியும். தலையில் கனத்த முடி வேறு! இத்தனை பாரத்தோடு களரியைச் சுற்றிச் சுற்றி, ஆட்டமும் பாட்டும் சேர்த்து ஆட வேண்டும். தென்மோடிக்காரர் பாடு கொஞ்சம் இலகு, உடுப்பும் பாரமில்லை!

யார் எந்த வேடம்? அண்ணாவியாரும் ஊர்ப் பெரியவர்களும் கூடி முடிவு செய்வார்கள். பிறகு சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவரவர் பாட்டுப் பகுதியை எழுதிக் கையில் தருவார்கள். அதன்பின் மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், கடைசியில்தான் அரங்கேற்றம்! அண்ணாவியாருக்கு மாதச் சம்பளமா? இல்லை! ஊர் கூடிக் கொடுக்கும் பணமும் பரிசும்தான்.

சரி, களரியில் யார் இல்லை? பெண்கள்! திரௌபதி, சீதை, மண்டோதரி என்று கதை முழுக்கப் பெண்கள். ஆடியதோ மீசை மழித்த ஆண்கள்! பெண்களின் இடம் பார்வையாளர் கூட்டத்தில்.

இன்னொருவரும் இல்லை! கூத்துக்கு மத்தளமும் தாளமும் உண்டு. கோயில் சடங்கிலும் செத்த வீட்டிலும் முழங்கும் பறைமேளமோ களரிக்கு வெளியே! ஆனால் அதை முழக்கியவர்களுக்கென்றே தனிக் கலை ஒன்று இருந்தது தெரியுமா? பறைமேளக் கூத்து! மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடித்தபடியே ஆடுவது! அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றுப் பகுதியில் தங்கி ஆய்வு செய்து, இந்தப் பறையர் சமூகத்தைப் பற்றியே 1983இல் தனிக் கட்டுரை எழுதினார். மேளம் அவர்கள் திறமை. அதே மேளம்தான் சாதி முத்திரையும்! அதனாலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க மறுத்த குடும்பங்கள் உண்டு. கலை அழிந்தது என்று நாம் புலம்புகிறோம். இழிவைச் சுமந்தபடி அந்தக் கலையைக் காப்பாற்று என்று அவர்களிடம் கேட்க நமக்கு என்ன உரிமை?

செலவைச் சுமந்தது யார், களரிக்கு வெளியே நின்றது யார் என்ற இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஒரு பாதை பர்மிங்ஹாமில் இருந்து! கிரேக்க நாடகத்தை அக்காலச் சமூக மாற்றத்தோடு சேர்த்து வாசித்த மார்க்சியர் ஜோர்ஜ் தோம்சன் அங்கே பேராசிரியர். அவரிடம் ஆய்வு செய்தவர் நம் கா. சிவத்தம்பி! பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் எப்படிப் பிறந்தது என்பதே அவர் ஆய்வு. இன்னொரு பாதை மட்டக்களப்பிலேயே! அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு தன் மண்ணின் கூத்துகளையே ஆராய்ந்தார். 1969இல் அவர் எழுதிய 'சங்காரம்' கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் எடுத்து உழைப்பாளர் போராட்டத்தைப் பேசியது! ராசா கதை சொன்ன அதே ஆட்டம்!

அதற்கு முன் நடந்ததைக் கேட்டீர்களா? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' போட்டார். விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கியது! சுற்றிவர இருந்து பார்த்த வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையானது! ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பிறகு 'இராவணேசன்', இராவணனாக ஆடியவர் மாணவர் மௌனகுரு! படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியது இந்த மேடைகளால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கூத்து இப்போது யாருடையது? ஊர் கூடி வேடம் பங்கிட்ட இடத்தில் நெறியாளர் ஒருவர் நின்றார். செல்லையா அண்ணாவியார் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கதை அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தீர்களா? இல்லை! கிழக்குப் பல்கலைக்கழகத்துச் சி. ஜெயசங்கரும் தோழர்களும் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்தை மறுபடி ஊரிடமே கொண்டுபோனார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். மேடை இல்லை, வட்டக்களரிதான்! அண்ணாவியாரும் ஆடுபவர்களும் ஊர்மக்களும் கூடியிருந்து பழைய பாட்டைப் பேசினார்கள். பெண்ணைத் தாழ்த்தும் வரி எது, சாதியை ஏளனம் செய்யும் வரி எது என்று கேட்டு, வேண்டாததை மாற்றி எழுதினார்கள். எழுதிய வரியைப் பாடப்போகிறவரும் அதைக் கேட்டு வளரப்போகும் பிள்ளையின் தாயும் அந்தப் பேச்சில் இருந்தார்கள்!