உடம்பு மெலிய "சாப்பாட்டு ரெஸ்ற்": காசைக் கட்டும் முன் இதை வாசியுங்கள்

கனடாவுக்கு வந்து சில மாதங்களில் உடம்பு வைக்கிறது, வயிறு ஊதுகிறது, சாப்பிட்டால் களைப்பாக இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் சொல்லுவார்: "ஒரு ரெஸ்ற் இருக்கு. விரலில குத்தி இரத்தம் அனுப்பினால், உங்களுக்கு ஒத்துவராத சாப்பாடு எல்லாத்தையும் சொல்லிப்போடுவாங்கள். அதை விட்டால் உடம்பு தானா மெலியும்." இதற்குச் சில நூறு டொலர் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு. ஆகவே அந்த ரெஸ்ற் உண்மையில் எதை அளக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

அந்த ரெஸ்ற் சொல்வது என்ன?

இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற ஒரு வகை எதிர்ப்புப் புரதம் உண்டு. நூறு, இருநூறு உணவுகளுக்கு எதிராக அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு பட்டியல் தருவார்கள். சிவப்பில் உள்ளதைச் சாப்பிடக் கூடாது என்பார்கள்.

பிழை இங்கேதான். ஒரு சாப்பாட்டை அடிக்கடி சாப்பிட்டால், அதற்கு ஐ.ஜி.ஜி. வருவது சாதாரண விஷயம். அந்தச் சாப்பாடு உடம்புக்குப் பழக்கம் என்பதைத்தான் அது காட்டுகிறது, நோயைக் காட்டவில்லை. ஆகவே எங்கள் ஆட்கள் இந்த ரெஸ்ற்றைச் செய்தால், நாங்கள் தினமும் சாப்பிடுகிற பால், முட்டை, கோதுமை போன்றவையே சிவப்பில் வர இடமுண்டு.

கனடாவின் ஒவ்வாமை வைத்தியர்களின் சங்கம் 2012ஆம் ஆண்டிலேயே, உணவு ஒத்துவராமையைக் கண்டுபிடிக்க இந்த ஐ.ஜி.ஜி. ரெஸ்ற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிக்கை விட்டது. ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமைச் சங்கங்களும் அதற்கு முன்பே இதைச் சொல்லியிருந்தன. தலைமயிரை அனுப்பிச் செய்யும் ரெஸ்ற், கையில் உலோகத் தண்டைப் பிடிக்கச் சொல்லி மெசினில் பார்க்கும் ரெஸ்ற் ஆகியவற்றுக்கும் ஆதாரம் இல்லை.

"அவவுக்கு எட்டு கிலோ குறைஞ்சதே?"

குறைந்திருக்கலாம். பாண், பீற்சா, கேக், ஐஸ்கிறீம், பால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிற்பாட்டினால் யாருக்கும் நிறை குறையும். சாப்பிடும் அளவு குறைந்ததுதான் காரணம். அந்தப் பட்டியலைக் குலுக்கல் முறையில் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதே முடிவு வந்திருக்கும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் நிறையும் திரும்பி வரும்.

கெடுதலும் உண்டு. வளரும் பிள்ளைக்கோ கர்ப்பிணித் தாய்க்கோ பால், முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக நிற்பாட்டினால் சத்துக் குறையும். இன்னொரு ஆபத்து: உண்மையான ஒவ்வாமை வேறு வகைப் புரதத்தால் வருவது. அதை இந்த ரெஸ்ற் பார்ப்பதில்லை. கச்சான் ஒத்துவராத பிள்ளைக்கு இந்தப் பட்டியலில் கச்சான் பச்சையாக வரலாம். அதை நம்பிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

காசில்லாமல் வீட்டில் செய்யக்கூடிய முறை இருக்கிறது. ஒரு கொப்பி, ஒரு பேனை, சுமார் ஐந்து கிழமை பொறுமை போதும். உதாரணத்துக்கு, தங்குமிடம் ஒன்றில் இருக்கும் ஒரு தம்பியை எடுப்போம். ஊரில் அவர் பால்மா போட்ட தேத்தண்ணி ஒன்றுதான் குடிப்பார். இங்கே காலையில் சீரியலும் ஒரு பெரிய கோப்பைப் பாலும். பத்து மணிக்கெல்லாம் வயிறு இரைகிறது, காற்று, சில நாள் வயிற்றோட்டம்.

முதல் கிழமை: எதையும் மாற்ற வேண்டாம், எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ன செய்தது. எடுக்கிற மருந்தையும், நித்திரையையும், மன அழுத்தத்தையும் எழுதுங்கள். விசாரணைக்குக் கடிதம் வந்த நாளில் எதைச் சாப்பிட்டாலும் வயிறு குழம்பும். நீரிழிவுக்கு எடுக்கும் மெற்போமினும் வயிற்றைக் குழப்பும். இவற்றைச் சாப்பாட்டின் தலையில் போடக் கூடாது. தம்பியின் கொப்பியில், பால் குடித்து அரை மணி முதல் இரண்டு மணிக்குள் வருத்தம் வருவது தெரிகிறது.

அடுத்த இரண்டு கிழமை: சந்தேகப்படும் ஒன்றை மட்டும் நிற்பாட்டுங்கள். தம்பி பாலையும் ஐஸ்கிறீமையும் விடுகிறார். மற்றதெல்லாம் முன்போலவே. இரண்டு மூன்றை ஒன்றாக விட்டால் எது காரணம் என்று தெரியாது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் பால் காரணமில்லை. திரும்பக் குடிக்கத் தொடங்குங்கள்.

அதன் பிறகு: திரும்பச் சேர்த்துப் பாருங்கள். பலர் விடும் படி இதுதான். ஒரு நாள் சாப்பாட்டோடு அரைக் கோப்பைப் பால். இரண்டு நாள் கழித்து ஒரு கோப்பை, அதாவது 250 மில்லிலீற்றர். இன்னும் இரண்டு நாள் கழித்து வெறும் வயிற்றில் ஒரு கோப்பை. தம்பிக்கு அரைக் கோப்பை சரி, வெறும் வயிற்றில் ஒரு கோப்பை குடித்தால் வருத்தம். சில நாள் விட்டு இன்னொரு தரம் செய்தபோதும் அதேதான். இப்போது நம்பலாம்.

காரணம், பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனி. சின்ன வயது கடந்ததும் அதைச் செரிக்கும் சக்தி பலருக்குக் குறைகிறது. எங்கள் ஆட்களிடையே இது சாதாரணம், நோயில்லை. செரியாத சீனி பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றாகிறது. இப்படிப்பட்டவர்களில் பலருக்குச் சாப்பாட்டோடு கொஞ்சப் பாலும், தயிரும், கட்டியான சீஸும் ஒத்துவரும். கடையில் லக்டோஸ் நீக்கிய பாலும் கிடைக்கும். தேங்காய்ப் பாலில் லக்டோஸ் இல்லை, அதை விடத் தேவையில்லை. ஆக, தம்பி விட வேண்டியது காலையில் குடிக்கும் அந்தப் பெரிய கோப்பையை மட்டும்தான்.

வெங்காயம், உள்ளி, பருப்பு, கோப்பி எதையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் கவனம்: கோதுமையில் சந்தேகம் என்றால், விடும் முன் வைத்தியரிடம் போங்கள். சீலியாக் என்ற குடல் நோய்க்கு ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமையை விட்ட பிறகு செய்தால் நோய் இருந்தாலும் இல்லையென்று வரலாம்.

வீட்டில் செய்து பார்க்கக் கூடாதது

சாப்பிட்டவுடன் உதடு, நாக்கு வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், மூச்சு முட்டினால் உடனே 911. அந்தச் சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே வேண்டாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் நிறை குறைதல், நித்திரையைக் குழப்பும் வயிற்றோட்டம், விடாத வாந்தி இருந்தால் கொப்பி எழுதிக்கொண்டு காத்திருக்காமல் வைத்தியரைப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதையும் நிற்பாட்ட முன் கேளுங்கள்.

அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு வைத்தியரைப் பார்க்கும் செலவை ஐ.எஃப்.எச்.பி. என்ற மத்திய அரசின் திட்டம் ஏற்கும். அந்தத் திட்டத்தை எடுக்கும் வைத்தியரா என்று முதலிலேயே கேளுங்கள். ஒன்ராறியோவில் 811க்கு எந்த நேரமும் அடித்துத் தாதியோடு இலவசமாகப் பேசலாம். சுகாதார அட்டை தேவையில்லை, "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பக்கத்தில் உள்ள சமூக சுகாதார நிலையத்தை அறிய 211. போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு போங்கள். வைத்தியர் கேட்கப் போகும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும்.