6.5 என்ற மதிப்பெண்ணுக்குள் இருக்கும் 78

நொச்சிக்குப்பத்தில் வளர்ந்து, நர்சிங் முடித்து, ராயப்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவளுக்கு லண்டன் போய் வேலை பார்க்க ஆசை. அங்கே நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் ஆங்கிலத் தேர்ச்சி கேட்கும். அதற்கு ஏற்றுக்கொள்ளப்படும் தேர்வுகளில் ஒன்று ஐயெல்ட்ஸ். கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7 வேண்டும். எழுத்தில் மட்டும் 6.5 போதும். 2018 நவம்பர் வரை எழுத்திலும் 7 கேட்டார்கள். மற்றதில் எல்லாம் தேறியவர்கள் எழுத்தில் மட்டும் அரைப் புள்ளியில் தவறிப்போவதைப் பார்த்துத்தான் அதை இறக்கினார்கள்.

அரைப் புள்ளி என்பது அவ்வளவு பெரிய விஷயமா? அந்த மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு அழகான கணக்கு தெரிகிறது.

எழுத்துத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எழுத வேண்டியவை இரண்டு. முதலாவது, டாஸ்க் 1: ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து அது சொல்வதைக் குறைந்தது 150 சொற்களில் எழுதச் சொல்வார்கள். இரண்டாவது, டாஸ்க் 2: ஒரு பொதுப் பிரச்சினையைப் பற்றிக் குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. திருத்துபவர் விடைத்தாளைப் படித்துவிட்டு மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு விடையையும் நான்கு கண்களால் பார்க்கிறார். கேட்டதற்குப் பதில் இருக்கிறதா? கருத்துகள் கோர்வையாகப் போகின்றனவா? சொல்வளம் எப்படி? இலக்கணம் எப்படி? இந்த நான்கு அளவுகோல்களுக்கும் தனித்தனியே 9 வரை ஒரு மதிப்பெண் உண்டு. அதற்குப் பேண்டு என்று பெயர். அளவுகோலுக்கு அரைப் பேண்டு கிடையாது. 6 அல்லது 7, அவ்வளவுதான்.

ஆக, கையில் எட்டு முழு எண்கள். இவற்றின் சராசரிதான் எழுத்து மதிப்பெண் என்று நினைத்தால் அங்கேதான் தவறு நடக்கிறது. டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரண்டு மடங்கு எடை. கடலுக்குப் போய்ப் பிடித்து வந்த மீனை விற்ற பிறகு, ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு வலைக்கு என்று தனிப் பங்கு எடுப்பார்களே, அந்த மாதிரிதான். டாஸ்க் 1-இன் ஒவ்வொரு அளவுகோலும் ஒரு பங்கு. டாஸ்க் 2-இன் ஒவ்வொன்றும் இரண்டு பங்கு. நான்கும் எட்டும் சேர்த்து மொத்தம் 12 பங்கு. எனவே சூத்திரம் இது:

எழுத்து மதிப்பெண் = (டாஸ்க் 1-இன் கூட்டல் + 2 × டாஸ்க் 2-இன் கூட்டல்) ÷ 12

6.5 வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் இருப்பது 6.5 × 12, அதாவது 78 ஆக வேண்டும். சராசரி, தசமம் எல்லாம் மறைந்து, எட்ட வேண்டிய ஒரே ஒரு முழு எண் கையில் வந்துவிட்டது. பழைய விதிப்படி 7 வேண்டுமானால் அந்த எண் 84. 2018-இல் இறக்கியது அரைப் புள்ளிதான். ஆனால் உள்ளே அது ஆறு படி.

எடையின் விளைவு எவ்வளவு கூர்மையானது என்று பாருங்கள். ஒருவர் டாஸ்க் 1-இல் நான்கு அளவுகோலிலும் 7, டாஸ்க் 2-இல் நான்கிலும் 6 வாங்குகிறார். எட்டு எண்களின் சாதாரண சராசரி சரியாக 6.5. அவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் உண்மைக் கணக்கு 28 + 48 = 76. இரண்டு குறைகிறது. அதே எண்களை இடம் மாற்றி, டாஸ்க் 1-இல் 6-களும் டாஸ்க் 2-இல் 7-களும் வைத்தால் 24 + 56 = 80. தேறிவிட்டார். அதே எட்டு மதிப்பெண்தான், உட்கார்ந்த இடம் மட்டும் வேறு.

எல்லாவற்றிலும் 6 வாங்குகிறவரின் கூட்டல் 72. அவருக்கு இன்னும் 6 வேண்டும். டாஸ்க் 1 முழுவதையும் 7 ஆக்கினாலும் 4 தான் ஏறும், போதாது. டாஸ்க் 2-இல் மூன்று அளவுகோல்களை 7 ஆக்கினால் மூன்று இரண்டு ஆறு, கணக்கு முடிந்தது. இடைவழிகளும் உண்டு: டாஸ்க் 2-இல் இரண்டும் டாஸ்க் 1-இல் இரண்டும், அல்லது டாஸ்க் 2-இல் ஒன்றும் டாஸ்க் 1-இல் நான்கும். இதில் எது சுலபம் என்பது ஆளைப் பொறுத்தது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. எட்டு எண்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை அல்ல. ஒருவரின் இலக்கணம் டாஸ்க் 1-க்கு ஒன்று, டாஸ்க் 2-க்கு ஒன்று என்று இரண்டாக இருக்க முடியாது. அது எழுதுகிற கையோடு வருவது. சொல்வளமும் கோர்வையும் பெரும்பாலும் அப்படித்தான். இவற்றில் ஒன்று உயர்ந்தால் இரண்டு விடையிலும் சேர்ந்தே உயர வாய்ப்பு அதிகம்; ஒரு படிக்கு 1 + 2 = 3 கிடைக்கும். ‘கேட்டதற்குப் பதில்’ மட்டும் அந்தந்த விடைக்கே சொந்தம். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கட்டுரையில் தன் நிலைப்பாட்டைச் சொல்லத் தெரியும் என்று உத்தரவாதம் இல்லை.

இப்போது நம் நர்ஸுக்கு வருவோம். தி. நகரில் ஒரு கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வு எழுதுகிறாள். ஆசிரியர் வெளியிடப்பட்டிருக்கும் பேண்டு விளக்கங்களை வைத்துத் திருத்துகிறார். டாஸ்க் 1-இல் கேட்டதற்குப் பதில் 5, கோர்வை 6, சொல்வளம் 6, இலக்கணம் 6. கூட்டல் 23. டாஸ்க் 2-இல் நேரம் நெருக்கியதால் கடைசிப் பத்தியில் வாக்கியங்கள் உடைந்தன: பதில் 6, கோர்வை 6, சொல்வளம் 6, இலக்கணம் 5. இதுவும் 23. மொத்தம் 23 + 46 = 69. 78-க்கு இன்னும் 9.

டாஸ்க் 1-இல் ஏன் 5? அவள் எண்களை எல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள். ஆனால் மொத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது என்று தொகுத்துச் சொல்லும் வாக்கியம் இல்லை. பேண்டு விளக்கத்தில் 5-க்கும் 6-க்கும் நடுவே இருக்கும் முக்கியமான வேலி இதுதான். விவரங்களை இயந்திரம் போல அடுக்கினால் 5. பொருத்தமான தொகுப்புப் பார்வை இருந்தால் 6. முக்கியப் போக்குகள் தெளிவாகத் தெரியும்படி அது இருந்தால் 7. இலக்கணத்தைச் சீர்செய்வதோடு ஒப்பிட்டால் இது சீக்கிரம் பழகும் விஷயம். 5 இங்கே 7 ஆனால் 2 கிடைக்கும்.

டாஸ்க் 2-இல் இலக்கணம் 5 ஆனது அறிவுக் குறையால் அல்ல. டாஸ்க் 1-இல் அதே கை 6 வாங்கியிருக்கிறது. முதல் விடைக்கு 20 நிமிடம், இரண்டாவதற்கு 40 நிமிடம் என்று தேர்வே பரிந்துரைக்கும் பிரிவைக் காத்தால் 6 திரும்பி வரும். இன்னொரு 2. கட்டுரையில் தன் நிலைப்பாட்டை முதலிலிருந்து கடைசி வரை தெளிவாக வைத்துக்கொண்டு, கருத்துகளுக்கு ஆதாரம் தந்தால் பதில் 7 ஆகும், மேலும் 2. கோர்வை இரண்டு விடையிலும் 7 ஆனால் 3. அதற்கு ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மையக் கருத்து வேண்டும். இணைப்புச் சொற்களை வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டிக்கொண்டே போகக் கூடாது. 2 + 2 + 2 + 3 = 9. சரியாக 78. சொல்வளத்தை அவள் தொடவே இல்லை. இலக்கணத்தை 7 ஆக்கவும் தேவைப்படவில்லை.

ஆனால் 7 என்ற எண் எளிதில் கைக்கு வராது. ஒரு பேண்டு கிடைக்க, அந்தப் படிக்குச் சொல்லப்பட்ட நல்ல அம்சங்கள் அத்தனையும் விடையில் இருக்க வேண்டும். கட்டுரையில் நிலைப்பாடு தெளிவாக இருந்து, கேள்வியின் ஒரு பாதிக்குப் பதில் மெலிந்திருந்தால் 6 தான். ஆறரைக்கு அருகில் எழுதினேன் என்றால் அளவுகோல் ஒப்புக்கொள்ளாது. அதனால்தான் ஒரு சின்னக் குறை சமயத்தில் இரண்டு பங்கை அப்படியே விழுங்கிவிடுகிறது.

உண்மைத் தேர்வில் இன்னொரு சங்கடம் உண்டு. முடிவுத் தாளில் எழுத்துக்கு ஒரே ஒரு எண்தான் இருக்கும். எட்டு எண்களும் வெளியே வராது. 6.0 என்று வந்த மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் எல்லாவற்றிலும் 6. இன்னொருவர் டாஸ்க் 1-இல் நான்கும் 7, டாஸ்க் 2-இல் 5, 5, 6, 6. மூன்றாமவர் டாஸ்க் 1-இல் நான்கும் 5, டாஸ்க் 2-இல் 7, 7, 6, 6. கூட்டிப் பாருங்கள், மூன்றும் 72. முடிவுத் தாளில் மூவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் மாதிரி இருப்பார்கள். ஆனால் மூன்றாமவர் வரைபடத்தை ஒழுங்காக எழுதப் பழகி அங்கே 26 வாங்கினால் போதும்; 26 + 52 = 78. இரண்டாமவருக்கு வரைபடப் பயிற்சி வீண். அவர் கட்டுரையை 22-இலிருந்து 25-க்கு ஏற்ற வேண்டும். இதை முடிவுத் தாள் சொல்லாது; பேண்டு விளக்கம் தெரிந்த ஒருவர் அவர்களது எழுத்தைத் தனித்தனியே திருத்தினால்தான் தெரியும். 2007 ஜூலைக்கு முன் நிலைமை இன்னும் மங்கல்: எழுத்துக்கும் பேச்சுக்கும் முழுப் பேண்டு மட்டுமே அறிவித்தார்கள், 6.5 என்ற படியே இல்லை.

முழுமையாக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான்கு திறன்களின் மொத்தச் சராசரி 6.25 ஆனால் அதை 6.5 என்று மேலே ஏற்றிவிடுவார்கள். அந்தத் தாராளத்தை நம்பி எழுத்துக் கணக்கைப் போடக் கூடாது. 75-லேயே தேறிவிடலாம் என்று ஆசைப்படுவதைவிட 78-ஐ அப்படியே குறி வைப்பது பத்திரம்.

அந்த 78-உம் கூட விளிம்பில்தான் நிற்கிறது. மாதிரித் தேர்வைத் திருத்திய ஆசிரியர் 7 போட்ட இடத்தில் தேர்வு நாளில் திருத்துபவர் 6 போடலாம். மனிதர் படித்துப் போடும் மதிப்பெண்ணில் இது சகஜம். அப்படி டாஸ்க் 2-இல் ஒரே ஒரு அளவுகோல் நழுவினாலும் 76. அந்த ஒரு நழுவலைத் தாங்க 80 வேண்டும். நம் நர்ஸ் இதுவரை தொடாமல் விட்ட ஒன்று இருக்கிறது: கட்டுரையின் சொல்வளம். 6 அங்கே 7 ஆனால் வருவது சரியாக 2.